வாடகையிலிருந்து யூனிட்தாரர் வரை: ரீட் தரும் பங்கீட்டுத் தொகை எதனால் ஆனது?

ரியல் எஸ்டேட் முதலீட்டு டிரஸ்ட், சுருக்கமாக ரீட், தன் யூனிட்தாரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ அனுப்பும் தொகையை வாடகை என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பாதி அளவுக்கு அது சரிதான். அலுவலகக் கட்டடங்களிலும் வணிக வளாகங்களிலும் கிடங்குகளிலும் வசூலாகும் வாடகையே அந்தத் தொகைக்கு மூலம். ஆனால் வாடகைதாரரிடமிருந்து புறப்பட்ட பணம் சிறு முதலீட்டாளரின் கணக்குக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. வழியில் அதன் ஒரு பகுதி வட்டியாகவும், ஒரு பகுதி டிவிடெண்டாகவும், இன்னொரு பகுதி முதலீட்டாளர் முன்பு போட்ட முதலே திரும்பி வருவதாகவும் வடிவம் மாறிவிடுகிறது. எந்தப் பகுதி எவ்வளவு என்பதைப் பார்க்காமல் வருமான விகிதத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் தன் கைக்கு வருவது எது என்று தெரியாமலேயே வாங்குகிறார்.

ஏற்பாட்டின் அடிப்படை எளிமையானது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தைத் தனி ஒருவர் வாங்க முடியாது; ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தால் வாங்கலாம். அவர்கள் தரும் பணத்துக்கு ஈடாக டிரஸ்ட் யூனிட்களை வெளியிடுகிறது, அந்த யூனிட்கள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படுகின்றன, திரட்டிய பணத்தையும் கொஞ்சம் கடனையும் கொண்டு கட்டடங்கள் வாங்கப்படுகின்றன. சொத்தை யூனிட்தாரர்களின் சார்பில் வைத்திருப்பவர் டிரஸ்டி. எதை வாங்குவது, யாருக்கு வாடகைக்கு விடுவது என்று முடிவெடுப்பது மேலாண்மை நிறுவனம். தொடக்கத்தில் தன் கட்டடங்களைக் கொடுத்து டிரஸ்டை உருவாக்குபவர் ஸ்பான்சர். அமெரிக்காவில் பல ரீட்கள் டிரஸ்டாக அல்லாமல் நிறுவனமாகவே இயங்குகின்றன. ஆனாலும் பணம் போகும் பாதை பெரிதாக மாறுவதில்லை.

இந்த ஏற்பாட்டை மற்ற நிறுவனங்களிலிருந்து பிரிப்பது வரி பற்றிய ஓர் உடன்பாடு. சாதாரண நிறுவனம் லாபத்துக்கு வரி கட்டிவிட்டு, மிஞ்சியதிலிருந்து டிவிடெண்ட் கொடுக்கிறது; அந்த டிவிடெண்டுக்குப் பங்குதாரரும் வரி கட்டுகிறார். அமெரிக்காவில் 1960-இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் ரீட்களுக்கு இந்த இரட்டை வரியிலிருந்து விலக்கு அளித்தது. சுருட்டு மீதான கலால் வரியை நீட்டிக்கும் ஒரு மசோதாவின் வாலில் ஒட்டிக்கொண்டு அது நிறைவேறியது என்பது சட்ட வரலாற்றின் சின்ன வேடிக்கை. விலக்குக்கு விலை இருந்தது: சொத்தில் குறைந்தது 75 சதவீதம் ரியல் எஸ்டேட் சார்ந்ததாக இருக்க வேண்டும், வருமானத்தின் பெரும்பகுதியை ஆண்டுதோறும் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். இன்று அந்த அளவு 90 சதவீதம். சிங்கப்பூர், பிரிட்டன், இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் விதிகளிலும் இதே 90 சதவீதம்தான் காணப்படுகிறது. ஆனால் எதன் 90 சதவீதம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பதில்.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கின் மூலமாகத்தான் காட்ட முடியும். ஒரு டிரஸ்ட் தலா 100 விலையில் ஒரு கோடி யூனிட்களை விற்று 100 கோடி திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கலாம். வங்கியிலிருந்து 8 சதவீத வட்டிக்கு 40 கோடி கடன் வாங்கி, மொத்தம் 140 கோடிக்கு அலுவலகக் கட்டடங்களை வாங்குகிறது. எல்லாத் தளங்களும் நிரம்பியிருந்தால் ஆண்டு வாடகை 14 கோடி. பத்தில் ஒரு பங்கு இடம் காலியாக இருப்பதால் உண்மையில் வசூலாவது 12.6 கோடி. சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு, காலியிடத்தின் பராமரிப்பு என்று வாடகைதாரரிடம் திரும்ப வசூலிக்க முடியாத செலவுகள் 1.8 கோடி. மீதம் 10.8 கோடி. இதைத் துறையில் நிகர இயக்க வருமானம் என்பார்கள். கட்டடங்களின் சம்பாதிக்கும் திறனை நேரடியாகச் சொல்லும் எண் இதுதான். இதிலிருந்து வங்கி வட்டி 3.2 கோடியும், மேலாண்மை நிறுவனம், டிரஸ்டி, தணிக்கையாளர், மதிப்பீட்டாளர் ஆகியோருக்கான கட்டணம் 0.6 கோடியும் போனால் கையில் நிற்கும் ரொக்கம் 7 கோடி.

ஆனால் கணக்கேடு காட்டும் லாபம் 7 கோடி அல்ல. 140 கோடியில் நிலத்தின் விலை 35 கோடி, கட்டடத்தின் விலை 105 கோடி என்றும், கட்டடத்தின் ஆயுள் 35 ஆண்டுகள் என்றும் கொண்டால், ஆண்டுக்கு 3 கோடி தேய்மானமாக எழுதப்படும். ஆகவே லாபம் 4 கோடி மட்டுமே. தேய்மானத்துக்காக யாருக்கும் காசோலை எழுதப்படுவதில்லை. அது ஏட்டுக் கழிவு. ரொக்கம் 7 கோடி, லாபம் 4 கோடி. இந்த இடைவெளிதான் ரீட் கணக்கின் மையம்.

அமெரிக்க விதி வரிக்குரிய வருமானத்தின் 90 சதவீதத்தைக் கேட்கிறது. வரிக்கணக்கிலும் இதே தேய்மானம்தான் என்று எளிமைக்காக எடுத்துக்கொண்டால், சட்டப்படி கொடுத்தாக வேண்டியது 3.6 கோடி மட்டுமே; அதற்கு மேல் கொடுப்பது நிர்வாகத்தின் விருப்பம். இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் பங்கிடத்தக்க நிகர ரொக்கத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன. அப்போது அதே டிரஸ்ட் ஏறத்தாழ 6.3 கோடியைக் கொடுத்தாக வேண்டும். கட்டடம் ஒன்றே, வாடகை ஒன்றே. கட்டாயத் தொகை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபடுகிறது. கட்டடங்களுக்குத் தேய்மானம் எழுதாமல் ஆண்டுதோறும் சந்தை மதிப்பை ஏட்டில் ஏற்றும் கணக்கு முறையைப் பின்பற்றும் நாடுகளும் உண்டு. அங்கே மதிப்பீட்டாளரின் ஒரு கையெழுத்தில் லாபம் பல கோடி ஏறவோ இறங்கவோ செய்யும். ஆக, எந்த முறையிலும் ரீட் ஒன்றின் லாபத்தை மட்டும் வைத்து அதன் பங்கீட்டை மதிப்பிட முடியாது. இதற்காகத்தான் அமெரிக்க ரீட்களின் சங்கமான நாரீட் 1991-இல், லாபத்தோடு தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, சொத்து விற்ற ஆதாயத்தைக் கழித்துப் பார்க்கும் ஓர் அளவுகோலை வகுத்தது. நம் கணக்கில் அது 7 கோடி.

அந்த 7 கோடி முழுவதையும் கொடுத்துவிடலாமா என்றால், கூடாது. தேய்மானம் ஏட்டுக் கழிவு என்றாலும் கட்டடம் உண்மையிலேயே தேய்கிறது. லிஃப்ட் மாற்ற வேண்டும், குளிரூட்டி மாற்ற வேண்டும், புதிய வாடகைதாரரைக் கொண்டுவரும் தரகருக்குக் கமிஷன் தர வேண்டும், உட்புற அலங்காரச் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். நம் டிரஸ்ட் இதற்காக 0.5 கோடியை நிறுத்தி வைத்துக்கொண்டு 6.5 கோடியைப் பங்கிடுகிறது என்று கொள்வோம். யூனிட்டுக்கு 6.5, வாங்கிய விலையில் 6.5 சதவீதம். 140 கோடி மதிப்புள்ள கட்டடங்களுக்கு ஆண்டுக்கு அரை கோடி போதுமா என்று கேட்டால், புதிய கட்டடத்துக்குப் போதும், பதினைந்து ஆண்டுப் பழைய கட்டடத்துக்குப் போதாது என்பதே என் கணிப்பு. இன்றைய பங்கீட்டை உயர்த்திக் காட்ட விரும்பும் நிர்வாகம் முதலில் கை வைப்பது இந்த ஒதுக்கீட்டில்தான்.

இப்போது அந்த 6.5 எந்த வடிவில் வருகிறது என்பதைப் பார்க்கலாம். பல நாடுகளில் டிரஸ்ட் கட்டடத்தை நேரடியாக வைத்திருப்பதில்லை. கட்டடத்துக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். இதில் ஒரு சிக்கல் எழுகிறது. நிறுவனம் தன் லாபத்திலிருந்து மட்டுமே டிவிடெண்ட் தர முடியும். தேய்மானத்தால் லாபமாகாத ரொக்கம் நிறுவனத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். போதாததற்கு, லாபத்துக்கு நிறுவன வரியும் கட்ட வேண்டியிருக்கலாம். எனவே டிரஸ்ட், திரட்டிய பணம் முழுவதையும் பங்குகளாகப் போடாமல், ஒரு பகுதியைத் தன் சொந்த நிறுவனத்துக்கே கடனாகக் கொடுக்கிறது.

நம் டிரஸ்ட் 100 கோடியில் 54 கோடியைப் பங்காகவும் 46 கோடியை 10 சதவீத வட்டிக் கடனாகவும் போட்டது என்று கொள்வோம். நிறுவனத்தின் நிகர இயக்க வருமானம் 10.8 கோடியிலிருந்து வங்கி வட்டி 3.2, தேய்மானம் 3 ஆகியவை போனால் 4.6 கோடி. டிரஸ்டுக்குத் தர வேண்டிய வட்டியும் சரியாக 4.6 கோடி. நிறுவனத்துக்கு லாபமே இல்லை, ஆகவே வரியும் இல்லை, டிவிடெண்டும் இல்லை. ஒதுக்கீடு 0.5 போக நிறுவனத்திடம் இன்னும் 2.5 கோடி ரொக்கம் மிஞ்சுகிறது. அதை டிரஸ்டிடம் வாங்கிய கடனின் அசலில் ஒரு பகுதியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. டிரஸ்டுக்கு வந்தது மொத்தம் 7.1 கோடி, கட்டணம் 0.6 போக 6.5 கோடி. யூனிட்தாரருக்கு வரும் அறிக்கையில், யூனிட்டுக்கு வட்டி 4, கடன் அசல் திரும்பியது 2.5 என்று இரண்டு வரிகள் இருக்கும்.

அந்த 2.5 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதுவும் வாடகைதாரர் கொடுத்த பணம்தான். ஆனால் பொருளாதார அர்த்தத்தில் அது கட்டடத்தின் தேய்மானத்தில் செலவிடப்படாத பகுதி. முதலீட்டாளர் போட்ட முதலே கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் திரும்புகிறது. கட்டடம் நிற்கும் நிலத்தின் விலையும் வாடகையும் காலப்போக்கில் உயர்ந்தால் இதனால் நட்டமில்லை. உயரும் மதிப்பு திருப்பிக் கொடுத்ததை ஈடுகட்டிவிடும். உயராவிட்டால், 6.5 சதவீதம் என்று அவர் எண்ணியிருந்த வருமானம் உண்மையில் 4 சதவீதம்தான். பல வரிச் சட்டங்கள் இதை இப்படித்தான் பார்க்கின்றன: திரும்பிய முதலுக்கு அந்த ஆண்டில் வருமான வரி கேட்பதில்லை, ஆனால் யூனிட்டை வாங்கிய விலையிலிருந்து அதைக் கழித்துவிடுகின்றன. நான்கு ஆண்டுகளில் 10 திரும்பி வந்திருந்தால், 100-க்கு வாங்கியவரின் விலை 90 ஆகிவிடும். பிறகு 100-க்கே விற்றாலும் 10 ஆதாயமாகக் கருதப்படும்.

இந்தக் கலவை நிலையானதும் அல்ல. ஆண்டுக்கு 2.5 கோடி திரும்பினால் 46 கோடிக் கடன் சுமார் பதினெட்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே, அடுத்த ஆண்டிலேயே டிரஸ்டுக்கு வரும் வட்டி 0.25 கோடி குறைகிறது. அந்தத் தொகை நிறுவனத்தில் லாபமாகத் தலைகாட்டுகிறது, அதற்கு வரி விழுகிறது, மீதி டிவிடெண்டாக வருகிறது. வாடகை மாறாமல் இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு பங்கீட்டின் உள்ளடக்கம் மாறிக்கொண்டே போவதற்கு இதுவே காரணம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது.

இனி, எது கெட்டால் பங்கீடு எவ்வளவு குறையும் என்பதைப் பார்ப்போம். மொத்த வாடகையில் கால் பங்கைத் தரும் ஒரே வாடகைதாரர் குத்தகை முடிந்து வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 12.6 கோடியிலிருந்து 9.45 கோடியாகிறது. செலவுகள் அவரோடு சேர்ந்து வெளியேறுவதில்லை. சொத்து வரியும் காப்பீடும் அப்படியே இருக்கின்றன, வங்கிக்கு வட்டி கட்டியாக வேண்டும். 1.8, 3.2, 0.6, ஒதுக்கீடு 0.5 ஆகியவை போக மிஞ்சுவது 3.35 கோடி. வாடகை 25 சதவீதம் குறைந்தபோது பங்கீடு 48 சதவீதம் குறைந்துவிட்டது. அந்த இடத்தை மீண்டும் நிரப்பப் புதியவருக்கு ஆறு மாதம் வாடகையில்லாக் காலம் தர நேர்ந்தால் அந்த மாதங்களில் ரொக்கம் வராது. ஆனாலும் கணக்கு விதிப்படி முழுக் குத்தகைக் காலத்தின் வாடகையும் சமமாகப் பரப்பி எழுதப்படுவதால் வருமானம் வந்தது போல ஏடு காட்டும். ஆகவே ஒரு ரீட்டின் அறிக்கையில் நான் முதலில் தேடுவது, பெரிய வாடகைதாரர்கள் எத்தனை சதவீத வாடகை தருகிறார்கள், அவர்களின் குத்தகை எந்தெந்த ஆண்டில் முடிகிறது என்ற அட்டவணையைத்தான். எஞ்சிய குத்தகைக் காலத்தின் சராசரியை எல்லோரும் வெளியிடுகிறார்கள், ஆனால் சராசரி என்பது ஒரே ஆண்டில் குவிந்திருக்கும் முடிவுகளை மறைத்துவிடும்.

இரண்டாவது ஆபத்து வாடகைதாரரால் வருவதல்ல. ரீட் தன் ரொக்கத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவதால், கடன் அசலை அடைக்கும் அளவுக்குச் சேமிப்பு அதனிடம் இருக்காது. 40 கோடிக் கடன் முதிரும் நாளில் அது வேறு கடன் வாங்கித்தான் பழையதைத் தீர்க்கும். புதிய கடனின் வட்டி 10 சதவீதம் என்றால் ஆண்டுச் செலவு 0.8 கோடி கூடுகிறது. ஒரு வாடகைதாரர்கூட வெளியேறாத நிலையில் யூனிட்டுக்கான பங்கீடு 6.5-லிருந்து 5.7 ஆகிறது. புதிய கடனே கிடைக்காவிட்டால் நிலைமை இதைவிட மோசம். அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட வணிக வளாகங்களை நடத்திய ஜெனரல் குரோத் பிராப்பர்ட்டீஸ் என்ற ரீட் 2009 ஏப்ரலில் சுமார் 2,700 கோடி டாலர் கடனுடன் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் கடைகள் வெறிச்சோடிப் போயிருக்கவில்லை. வாடகை வந்துகொண்டுதான் இருந்தது. கடன் சந்தை உறைந்துபோனதால், முதிர்ந்த கடன்களைப் புதுப்பிக்கத்தான் முடியவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2008 அக்டோபரில், அது டிவிடெண்டை நிறுத்தியிருந்தது. பல நாடுகளின் விதிகள் கடனுக்கு உச்சவரம்பு வைத்திருப்பது இத்தகைய நிலைக்காகத்தான். சொத்து மதிப்பில் இந்தியாவில் 49 சதவீதம், சிங்கப்பூரில் 50 சதவீதம். வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது, கடன்கள் ஒரே ஆண்டில் குவியாமல் வெவ்வேறு ஆண்டுகளில் முதிர வேண்டும்.

இப்படிப்பட்ட செய்தி சந்தைக்கு முன்கூட்டியே எட்டிவிடும். யூனிட் விலை 100-லிருந்து 65-க்கு இறங்கியிருக்கும்போது, கடந்த ஆண்டு தந்த 6.5 ஐ அந்த விலையால் வகுத்தால் 10 சதவீத வருமானம் தெரியும். அந்த 10 சதவீதம் கடந்த ஆண்டைச் சொல்கிறது. 65 என்ற விலை வரும் ஆண்டைச் சொல்கிறது. பக்கத்திலுள்ள ரீட்களைவிட வெகுவாக உயர்ந்து நிற்கும் வருமான விகிதத்தைச் சலுகை விலை என்று எடுத்துக்கொள்வதற்கு முன், சந்தை எந்த வாடகைதாரரை அல்லது எந்தக் கடனைப் பார்த்து அஞ்சுகிறது என்று தேடுவது நல்லது.

சில நேரம் எண்ணே ஒப்பனை செய்யப்பட்டிருக்கும், அதுவும் சட்டத்துக்கு உட்பட்டே. கட்டடம் முழுதும் நிரம்பாத ஆரம்ப ஆண்டுகளில், குறையும் வாடகையை ஸ்பான்சர் தன் கையிலிருந்து ஈடுகட்டும் ஒப்பந்தங்கள் உண்டு. அந்தக் காலம் முடிந்ததும் பங்கீடு சட்டென்று விழும். இன்னொரு வழி, மேலாண்மை நிறுவனம் தன் கட்டணத்தை ரொக்கமாக வாங்காமல் யூனிட்களாக வாங்கிக்கொள்வது. நம் டிரஸ்டில் கட்டணம் 0.6 கோடி முழுவதையும் அப்படி வாங்கினால் இந்த ஆண்டுப் பங்கீடு 6.5-லிருந்து 7.1 ஆக உயரும். ஆனால் 100 விலையில் 60,000 புதிய யூனிட்கள் பிறந்திருக்கும், அடுத்த ஆண்டு முதல் அதே வாடகையில் அவையும் பங்கு கேட்கும். பத்து ஆண்டுகள் இது தொடர்ந்தால் யூனிட்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 6 சதவீதம் கூடியிருக்கும். மொத்தப் பங்கீடு ஆண்டுதோறும் வளர்ந்தது என்று அறிக்கையின் முதல் பக்கம் சொல்லும்போது, யூனிட் ஒன்றுக்கான பங்கீடும் அதே வேகத்தில் வளர்ந்ததா என்பதை உள்ளே உள்ள அட்டவணையில் ஐந்தாறு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வரிக்குப் பக்கத்திலேயே வட்டி, டிவிடெண்ட், திரும்பிய முதல் என்ற பிரிவினையும் பெரும்பாலும் இருக்கும்.